நாற்பது தாள், பத்துக் காரணம்: உழவர் சொன்ன பதில்களை அட்டவணை ஆக்குவது எப்படி?

கருத்துக் கேட்புத் தாள்களில் ஆமாம், இல்லை என்று குறியிடும் கேள்விகளை எல்லோரும் எண்ணிவிடுகிறோம். எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, கிணறா வாய்க்காலா என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் கூட்டிவிடலாம். கடைசியில் நான்கு கோடு போட்டு, 'ஏன் என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்' என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு வந்த பதில்கள்தான் அப்படியே கட்டாகக் கட்டி அலமாரிக்குப் போய்விடுகின்றன. ஆண்டறிக்கையில் 'உழவர்கள் பலரும் விற்பனைச் சிக்கலைக் குறிப்பிட்டனர்' என்று ஒரு வரி வரும். பலர் என்றால் எத்தனை பேர்? என்ன சிக்கல்? அதைக் கேட்டால் யாரிடமும் விடை இருக்காது.

அந்தப் பதில்களையும் முறையாக எண்ணலாம். கணினி கொஞ்சம் தெரிந்தால் நல்லது; தெரியாவிட்டால் ஒரு நீள நோட்டும் பென்சிலும் போதும். எங்கள் வட்டாரக் குழுவில் செய்த ஒரு வேலையை வைத்தே அதை விளக்குகிறேன்.

கேள்வியும் அதன் பின்னால் இருந்த பணமும்

எங்கள் பகுதியில் பலர் பாரம்பரிய நெல் போட ஆரம்பித்ததே விதைத் திருவிழாக்களால்தான். நெல் ஜெயராமன் அய்யா ஆதிரங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படி வந்த மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் தூயமல்லியும் கைமாறிக் கைமாறி எங்கள் ஊர்களிலும் பரவின. ஆனால் ஒரு பருவம், இரண்டு பருவம் போட்டவர்களில் கணிசமானவர்கள் திரும்பவும் வழக்கமான குட்டை ரகத்துக்கே போய்விட்டார்கள்.

குழுவின் சேமிப்பில் ஒரு தொகை இருந்தது. ஒரு வேலைக்குத்தான் அது தாங்கும். நகரத்தில் கடை பிடித்து, அழகான பையில் அரிசி விற்க வேண்டும் என்பது கூட்டத்தில் சத்தமாகப் பேசியவர்களின் விருப்பம். 'விலை கிடைக்கல, அதான் விட்டுட்டாங்க' என்பது அவர்கள் வாதம். அது உண்மைதானா என்று விட்டவர்களிடமே கேட்பது என முடிவாயிற்று. கேள்வி ஒன்றுதான்: 'பாரம்பரிய நெல்லை ஒரு பருவமாவது போட்டுவிட்டுப் பிறகு நிறுத்தியவரா நீங்கள்? ஏன் நிறுத்தினீர்கள்?'

60 தாள் கொடுத்ததில் 48 திரும்பி வந்தன. அதில் 5 தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. 3 தாளில் 'நல்ல முயற்சி, வாழ்த்துகள்' என்பது போல எழுதியிருந்தார்கள், காரணம் இல்லை. மிச்சம் 40. இந்த 40 என்ற எண்ணை அட்டவணையின் தலையிலேயே எழுதிவிட வேண்டும். கொடுத்தது 60, வந்தது 48, எண்ணியது 40 என்று மூன்றையும் எழுதுங்கள். படிப்பவருக்கு எதை நம்பலாம், எவ்வளவு நம்பலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் வாயிலிருந்து வந்தது அப்படியே தாளில் ஏற வேண்டும்

எழுதத் தெரியாதவர்களிடமும், எழுத நேரமில்லை என்பவர்களிடமும் கேட்டு எழுதுகிறவர் ஒருவர் இருப்பார். அங்கேதான் முதல் சேதாரம். உழவர் ஐந்து நிமிடம் பேசியிருப்பார். கேட்டவர் 'சாகுபடிச் செலவு அதிகம்' என்று மூன்று சொல்லில் முடித்திருப்பார். அது உழவரின் பதில் இல்லை, கேட்டவரின் முடிவு. அதிலிருந்து எந்தச் செலவு, எதனால் கூடியது என்று பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே எழுதப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்புங்கள்: 'அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க, சுருக்காதீங்க.'

தாள்கள் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போடுங்கள். பெயர் இருந்தால் அது தனி நோட்டில், எண்ணுக்கு நேராக இருக்கட்டும். இனி எல்லா வேலையும் எண்ணை வைத்துத்தான். பதில்களைத் தட்டச்சு செய்தால் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தலாம். சொல்லை மாற்றக் கூடாது.

காரணங்களின் பட்டியல் தாளிலிருந்து பிறக்கட்டும்

பதில்களைப் படிப்பதற்கு முன்பே 'விலை, விளைச்சல், களை, தண்ணீர்' என்று நாமே தலைப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், வருகிறதையெல்லாம் அந்த நாலு சாக்கில் திணிக்கத்தான் தோன்றும். அதனால் முதல் 12 தாளை எண்ணாமல் படித்தோம். ஒவ்வொரு காரணத்தையும் ஒரு துண்டுச் சீட்டில், அவர்கள் சொல்லிலேயே எழுதினோம். பிறகு திண்ணையில் பரப்பி, ஒரே விஷயத்தைச் சொல்கிற சீட்டுகளை ஒன்றாக அடுக்கினோம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பெயர். அந்தப் பெயர்தான் குறியீடு. எங்களுக்கு வந்தவை இவை: சாய்வு, அரைவை, வாங்குபவர், விலை, களை, விளைச்சல், நாள், விதைக் கலப்பு. பிற என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம்.

கணினியில் 'விலை' என்ற சொல்லைத் தேடி எண்ணிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். ஒரு தாளில் இப்படி இருந்தது: 'விலை ஒண்ணும் மோசமில்ல, அரைச்சுக் குடுக்கத்தான் ஆள் இல்ல.' சொல்லை எண்ணினால் இதுவும் விலைக் கணக்கில் விழும். சொன்னவரோ விலை பிரச்சினை இல்லை என்கிறார். எண்ண வேண்டியது சொல்லை அல்ல, பொருளை. அதற்கு மனிதர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

31ஆவது தாளில் ஒரு புதுக் காரணம் வந்தது: 'சிவப்பரிசி சோத்த புள்ளைங்க தொடல, வீட்ல வேண்டாம்னுட்டாங்க.' இதற்கு 'வீடு' என்று புதுக் குறியீடு போட்டதும், முந்தைய 30 தாளையும் மறுபடி புரட்ட வேண்டியதாயிற்று. அதில் ஒன்று 'பிற'வுக்குள் கிடந்தது. பின்னால் வந்ததில் இன்னொன்று. மொத்தம் 3. புதுக் குறியீடு சேர்த்தால் பின்னோக்கிப் போவதும் கட்டாயம். இல்லாவிட்டால் முதல் தாள்களுக்கு ஒரு சட்டம், கடைசித் தாள்களுக்கு ஒரு சட்டம் என்று ஆகிவிடும்.

'பிற' என்பது வங்கியில் உள்ள சஸ்பென்ஸ் கணக்கு மாதிரி. எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாததைத் தற்காலிகமாக அங்கே வைக்கலாம். ஆனால் அது பெருத்துக்கொண்டே போனால் யாரோ வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று பொருள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கே சேர்ந்தால் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு தனிக் காரணம் ஒளிந்திருக்கும்.

குறியீட்டுக்கு எல்லைக்கல் நட வேண்டும்

பெயர் வைத்தால் மட்டும் போதாது. எது இதில் சேரும், எது சேராது என்று இரண்டு வரி எழுத வேண்டும். வயலுக்கு எல்லைக்கல் போல. சிக்கல் எப்போதும் பக்கத்துப் பக்கத்து வயல்களுக்கு நடுவில்தான் வரும்.

எங்களுக்குத் தகராறு வந்த இரண்டு வயல் 'வாங்குபவர்', 'விலை'. கடைசியில் இப்படி எழுதிக்கொண்டோம். வாங்குபவர்: வாங்க ஆள் கிடைக்கவில்லை, அல்லது வாங்குவதாகச் சொன்னவர் வரவில்லை. விலை: வாங்க ஆள் இருந்தார், கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை. ஒரு தாளில் இருந்தது இது: 'வாங்கிக்கிறேன்னு சொன்னவரு அறுப்புக்கு அப்புறம் போனே எடுக்கல. கடைசில சாதா நெல்லு விலைக்கு யாவாரிகிட்ட போட்டேன்.' இதில் விலையும் அடிபடுகிறது. ஆனால் விலை விழுந்ததற்கே காரணம் ஆள் வராததுதான். எனவே 'வாங்குபவர்' மட்டும்.

அதிலிருந்து ஒரு பொது விதி கிடைத்தது: ஒன்றின் விளைவாக இன்னொன்று வந்தது என்று உழவரே சொன்னால், முதலில் உள்ளதை மட்டும் எண்ணு, இரண்டையும் தனித்தனிக் குறையாகச் சொன்னால் இரண்டையும் எண்ணு. 17ஆம் தாளை இந்த விதிப்படி பார்ப்போம்.

'மாப்பிள்ளைச் சம்பா ஒரு ஏக்கர் போட்டேன். நல்லாத்தான் வந்துச்சு. மார்கழி மழைல படுத்துட்டு. மெஷின்காரரு படுத்த பயிருக்கு நேரம் கூட ஆவும்னு கூடக் கேட்டாரு. பதினஞ்சு மூட்டைதான் தேறுச்சு. அதயும் அரைக்கப் போனா, இத்தூண்டுக்கு மில்ல ஓட்ட முடியாதுன்னுட்டாங்க.'

இதில் சாய்வு உண்டு. அறுவடை இயந்திரச் செலவு கூடியது சாய்ந்ததால். தனியாக எண்ண வேண்டாம். மூட்டை குறைந்ததும் சாய்ந்ததால்தான். ஆகவே 'விளைச்சல்' குறியீடு கிடையாது. 'நல்லாத்தான் வந்துச்சு' என்று அவரே சொல்லிவிட்டார். அரைவை தனிக் குறை, அது உண்டு. ஆக, 17ஆம் தாளுக்கு இரண்டு குறியீடு. 'பதினஞ்சு மூட்டைதான்' என்பதைப் பார்த்ததும் அவசரமாக விளைச்சலில் போட்டிருந்தால், பாரம்பரிய நெல்லே விளையாது என்ற பேச்சுக்கு நாமே ஓர் ஓட்டுப் போட்டதாக ஆகியிருக்கும்.

இரண்டு பேர், தனித்தனியாக

வங்கியில் ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்ப்பது வழக்கம். இங்கேயும் அதே. நானும், எங்கள் குழுவில் பட்டப்படிப்பு முடித்த ஓர் இளம்பெண்ணும், அதே 12 தாளைத் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் காட்டாமல் குறியிட்டோம். இரண்டு பேரில் ஒருவராவது குறி போட்ட இடங்கள் 26. இரண்டு பேரும் ஒன்றுபோலப் போட்டவை 19. மீதி 7 இடத்தில் கருத்து வேறுபாடு. அதில் 4, மேலே சொன்ன விலை–வாங்குபவர் தகராறு.

இந்த இடத்தில் வயதில் மூத்தவர் சொன்னதே சரி என்று முடித்துவிடக் கூடாது. குறியீட்டின் வரையறை தெளிவில்லை என்பதற்கு அந்த 7 இடங்களும் சாட்சி. வரையறையைத் திருத்தி எழுதி, பிறகு அடுத்த தாள்களுக்குப் போனோம். ஒன்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: கடை வேண்டும் என்று வாதாடுகிறவரோ, வேண்டாம் என்கிறவரோ குறியிடும் இரண்டு பேரில் ஒருவராக இருக்கக் கூடாது.

கட்டத்தில் 1, 0

இனி எக்செல் தாள். ஒரு வரிசைக்கு ஓர் உழவர். A பத்தியில் தாள் எண், B பத்தியில் பாசனம் (வாய்க்கால் அல்லது கிணறு). C முதல் L வரை பத்துக் குறியீடு: C சாய்வு, D அரைவை, E வாங்குபவர், F விலை, இப்படியே L பிற வரை. அந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் 1, சொல்லாவிட்டால் 0. ஒரே ஆள் ஒரே காரணத்தை மூன்று தரம் சொன்னாலும் 1தான். நாம் எண்ணுவது ஆட்களை.

0 போடும் இடத்தை வெறுமனே விடாதீர்கள். வெற்றுக் கட்டம் என்றால் 'சொல்லவில்லை'யா, 'நாம் இன்னும் பார்க்கவில்லை'யா என்று தெரியாது. 40 தாள், 10 குறியீடு. ஆகவே 400 கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். முதல் வரி சரிபார்ப்பு, இரண்டாவது சாய்வு சொன்னவர்கள், மூன்றாவது அவர்களில் வாய்க்கால் பாசனக்காரர்கள்:

```
=COUNT(C2:L41)
=SUM(C2:C41)
=COUNTIFS($B$2:$B$41,"வாய்க்கால்",C2:C41,1)
```

நோட்டில் செய்கிறவர்கள் இதே கட்டத்தைக் கோடு போட்டு, பத்திவாரியாகக் கூட்டினால் அதே விடைதான்.

அட்டவணை

எங்களுக்கு வந்தது இது. 40 பேரில் 24 பேர் வாய்க்கால் பாசனம், 16 பேர் கிணறு. ஒருவர் பல காரணம் சொல்லலாம் என்பதால் கூட்டினால் 40 வராது, 85 வரும்.

| காரணம் | மொத்தம் (40ல்) | வாய்க்கால் (24ல்) | கிணறு (16ல்) | அவர்கள் சொல்லில் |
|---|---|---|---|---|
| சாய்வு | 14 | 12 | 2 | 'கதிர் பால் புடிக்கிறப்ப மழை, காத்து. ஆளுயரம் நின்னது பாய் விரிச்ச மாதிரி படுத்துட்டு.' |
| அரைவை | 12 | 5 | 7 | 'பத்து மூட்டைய அரைக்க எந்த மில்லும் இல்ல. நெல்லாவே கெடக்கு.' |
| வாங்குபவர் | 11 | 6 | 5 | 'வாங்குறேன்னவரு அறுப்புக்கு அப்புறம் போனே எடுக்கல.' |
| களை | 10 | 6 | 4 | 'ரெண்டு தரம் களை எடுத்தும் கோரை அடங்கல. ஆளுக்கு எங்க போறது?' |
| விலை | 9 | 6 | 3 | 'கேக்குற விலைக்கு நாத்தங்கால் கூலிகூட கட்டாது.' |
| விளைச்சல் | 9 | 5 | 4 | 'குட்டை ரகத்துல பாதிதான் கண்டுச்சு.' |
| நாள் | 8 | 2 | 6 | 'ஆறு மாசப் பயிரு. கடைசி ஒரு மாசம் கெணத்துல தண்ணி இல்ல.' |
| விதைக் கலப்பு | 5 | 3 | 2 | 'ஒரே வயல்ல மூணு ஒயரம். எத அறுக்குறது?' |
| வீடு | 3 | 2 | 1 | 'சிவப்பரிசி சோத்த புள்ளைங்க தொடல.' |
| பிற | 4 | 2 | 2 | – |

சதவீதம் வேண்டுமென்றே போடவில்லை. 40 பேரில் ஓர் ஆள் என்றாலே இரண்டரை சதவீதம். '22.5 சதவீதம் பேர் விலையைக் குறிப்பிட்டனர்' என்று எழுதினால், ஏதோ ஆயிரம் பேரைக் கேட்ட மாதிரி ஒரு மிடுக்கு வந்துவிடும். 9 பேர் என்றால் 9 பேர்தான். சிறு குழுவுக்கு எண்ணிக்கையே நேர்மை.

எந்த வாய்மொழியை எடுப்பது?

கடைசிப் பத்திதான் அட்டவணைக்கு உயிர். அதனாலேயே அங்கே ஏமாற்றவும் எளிது. 9 பேர் சொன்ன விலைக்கு நேராகக் கண்ணீர் வரவழைக்கும் ஒரு பேச்சைப் போட்டு, 14 பேர் சொன்ன சாய்வுக்கு உப்புச்சப்பில்லாத ஒரு வரியைப் போட்டால், கூட்டம் விலையைத்தான் நினைவில் வைக்கும்.

நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது. ஒரு குறியீட்டில் விழுந்த எல்லாப் பதிலையும் ஒன்றாக வைத்துப் படித்து, பெரும்பாலானவர்கள் சொன்னதை எது ஒத்திருக்கிறதோ அதை எடுப்பது. மிகச் சூடானதை எடுப்பதில்லை. ஒரே தாளிலிருந்து இரண்டு மேற்கோள் எடுப்பதில்லை. இல்லாவிட்டால் நன்றாகப் பேசுகிற ஒருவரே அட்டவணை முழுக்கப் பேசிவிடுவார். நீளமாக இருந்தால் வெட்டலாம், சேர்க்கக் கூடாது. வெட்டியதால் பொருள் மாறவில்லை என்பதை மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் கைப்பிரதியில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்தில் தாள் எண் உண்டு. கேட்டால் எடுத்துக் காட்ட முடியும். வெளியில் தருகிற பிரதியில் எண் இருக்காது.

பெயர் போடாவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். 'வாங்குறேன்னவரு' என்று ஒருவர் சொன்ன இடத்தில் அந்த ஆளின் பெயரும் ஊரும் தாளில் இருந்தன. அதையும் எடுத்துவிட்டோம். சின்ன ஊரில், 'நாலு ஏக்கர், மேட்டுத்தெரு, கருப்புக் கவுனி' என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும்.

சேர்க்கும்போது கூட்டாதீர்கள்

அட்டவணையைக் கூட்டத்தில் வைத்ததும் கடைக்காக வாதாடியவர் எழுந்தார். 'அரைவை, வாங்குபவர், விலை மூணும் விற்பனைதானே? 12, 11, 9. மொத்தம் 32 பேர். நாப்பதுல முப்பத்திரண்டு பேர் விற்பனைச் சிக்கல்னு சொல்றாங்க. அப்புறம் என்ன யோசனை?'

குறியீடுகளைச் சேர்த்து ஒரு பெரிய தலைப்பு ஆக்குவது தவறில்லை. ஆனால் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. அரைவையும் சொல்லி விலையும் சொன்னவர் இரண்டு இடத்திலும் 1 வாங்கியிருக்கிறார். கூட்டினால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார். மூன்றில் ஒன்றையாவது சொன்னவர்கள் எத்தனை பேர் என்று ஆட்களை மறுபடி எண்ண வேண்டும்:

```
=SUMPRODUCT(--((D2:D41+E2:E41+F2:F41)>0))
```

விடை 22. முப்பத்திரண்டு வேறு, இருபத்திரண்டு வேறு. 22 என்பதும் பாதிக்கு மேல்தான், அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, கடை திறந்தால் இந்த 22 பேரில் யாருக்குப் பயன்? வாங்குபவர் அல்லது விலை என்று சொன்னவர்களை மட்டும் (E, F பத்திகள்) அதே மாதிரி எண்ணினால் 16 பேர். அந்த 16 பேரில் 6 பேர் அரைவையையும் சொல்லியிருந்தார்கள். கடையில் விற்பது அரிசி, நெல் அல்ல. நெல்லை அரிசியாக்க வழியில்லாதவருக்குக் கடை திறந்து என்ன? இதைத் தவிர, அரைவையை மட்டும் சொன்ன 6 பேர் வேறு. ஆக, சிறு அளவு நெல்லை ரகம் கலக்காமல், தவிட்டை முழுசாக உரித்துவிடாமல் அரைத்துத் தர வழி செய்தால் 12 பேரின் தடை நீங்கும். பிறகு கடை வந்தால் அதில் வைக்கச் சரக்கும் இருக்கும். வரிசை எது என்பதை அட்டவணை காட்டிக்கொடுத்தது. கடைப் பணம் இப்போதைக்கு அப்படியே இருக்கிறது. பக்கத்து ஊர்ச் சிறு அரைவை மில்லில், எல்லோர் நெல்லையும் முறை வைத்து ரகம் ரகமாக அரைக்கப் பேசியிருக்கிறோம்.

சாய்வு வேறு விதமான பாடம். 14 பேரில் 12 பேர் வாய்க்கால் பாசனம். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வடியாத பள்ளக்காலில் உயரமான மாப்பிள்ளைச் சம்பாவைக் கொடுத்தது யார்? நம் விதைப் பகிர்வில் வயலைக் கேட்காமல் விதை கொடுத்திருக்கிறது. நாள் அதிகம் என்ற 8 பேரில் 6 பேர் கிணற்றுப் பாசனம். அங்கேயும் அதே கதை. இனி விதை கொடுக்கும் நோட்டில் பாசனம் என்ன, பள்ளமா மேடா என்று இரண்டு பத்தி கூடுதலாகப் போட்டிருக்கிறோம். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. பாசனவாரியாகப் பிரித்ததால் தெரிந்தது.

அட்டவணை சொல்லாதவை

களை என்று சொன்னவர்கள் 10 பேர். மீதி 30 பேருக்குக் களைத் தொல்லை இல்லை என்று படிக்கக் கூடாது. சொந்த வார்த்தையில் சொல்லும் கேள்விக்கு, அந்த நேரத்தில் மனதில் முன்னால் நிற்பதைத்தான் மனிதர் சொல்வார். சொன்னவர் எண்ணிக்கை அது. பட்டவர் எண்ணிக்கை அல்ல. பட்டவர் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமென்றால், பத்துக் காரணத்தையும் வாசித்துக் காட்டி ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை கேட்கும் இரண்டாவது தாள் வேண்டும்.

யார் பேசினார்கள் என்பதும் முக்கியம். எங்கள் 40 தாளில் பெண்கள் சொன்னது 7 மட்டுமே. அந்த 7 பேரில் 5 பேர் களையைச் சொன்னார்கள். ஆண்கள் 33 பேரில் சொன்னவர்கள் 5. குனிந்து களை எடுப்பவர்களைக் கேட்காமல் களைக் கணக்கு எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே போதும். தாள் வீட்டுத் தலைவர் பெயருக்குப் போனதால் வந்த வினை. அடுத்த சுற்றில் வீட்டுக்கு இரண்டு தாள்.

திரும்பி வராத 12 தாளும் உண்டு. அவர்கள் இந்த 40 பேர் மாதிரியே நினைப்பார்கள் என்று சொல்ல நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆகவே அட்டவணையின் தலைப்பு 'உழவர்கள் ஏன் விட்டார்கள்' என்பதல்ல. 'பதில் தந்த 40 உழவர் சொன்ன காரணங்கள்' என்பதுதான்.

வேலை எவ்வளவு?

40 தாளுக்கு இரண்டு பேர், மூன்று மாலை. முதல் மாலை படித்துச் சீட்டு அடுக்கியது, இரண்டாவது மாலை ஒத்துப்பார்த்து வரையறை திருத்தியது, மூன்றாவது மாலை மீதித் தாளும் கட்டமும். 100 தாளுக்கு மேல் போனாலும் முறை இதேதான். முதலில் படிக்கும் தாள்களை மட்டும் 25, 30 என்று கூட்டிக்கொள்ளுங்கள். புதுத் தாளில் புதுக் காரணம் வருவது நின்றுவிட்டால் பட்டியல் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

குறியீட்டுப் பட்டியலையும் அதன் வரையறைகளையும் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தையில் அறுப்பு முடிந்ததும் அதே கேள்வியை, அதே வரையறையோடு மறுபடி கேட்கப் போகிறோம். அரைவை 12லிருந்து இறங்குகிறதா, சாய்வு 14லிருந்து இறங்குகிறதா என்று அப்போது பார்க்கலாம். வரையறை மாறிவிட்டால் எண் இறங்கியது வயலிலா, நம் நோட்டிலா என்று சொல்ல முடியாமல் போய்விடும்.